அந்த 60 சதவீதத்தைக் கொடுத்தது யார்?

செலவுக் கணக்கியல் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஒரு தொழிற்சாலையில் மேற்செலவுக்கு முன்கூட்டியே ஒரு விகிதம் நிர்ணயித்திருப்பார்கள். ஆண்டு முடிவில், உண்மையில் ஆன மேற்செலவு ஒன்றாகவும் பொருள்கள் மேல் ஏற்றிய மேற்செலவு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். இடைவெளிக்குப் பெயர் குறை ஈர்ப்பு. கடைசி வரியில் கேள்வித்தாளே சொல்லிவிடும்: "இதில் 60 சதவீதம் திட்டமிடலின் குறையால் வந்தது, மீதி 40 சதவீதம் செலவு உயர்வால் வந்தது." மாணவன் 60 சதவீதத்தை லாப நட்டக் கணக்கில் தள்ளுவான். 40 சதவீதத்துக்குத் துணை விகிதம் கண்டு விற்ற சரக்கு, முடிந்த சரக்கு, முடியாத வேலை மூன்றுக்கும் பகிர்வான். முழு மதிப்பெண் கிடைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மார்ச் மாதத்தில் நான் தேடியது அந்தக் கடைசி வரியைத்தான். பேரேட்டில் அது இல்லை. குறை ஈர்ப்பு என்று ஒரே ஒரு தொகை இருந்தது. அதில் எத்தனை சதவீதம் யாருடைய குறை என்று எந்த வவுச்சரிலும் எழுதியிருக்கவில்லை. தேர்வில் கொடுக்கப்பட்டதாக வருவதுதான் நடைமுறையில் கண்டுபிடிக்க வேண்டியது. மீதியெல்லாம் பெருக்கல், வகுத்தல். ஆகவே முன்கூட்டிய விகிதம் என்ற முறையை எடைபோட வேண்டுமானால், அந்தப் பிரிப்பை நியாயமாகச் செய்ய அது இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் முறையின் பக்கம் நின்று பேசுகிறேன். வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், தேய்மானம், மின் இணைப்பின் நிலைக்கட்டணம் இவையெல்லாம் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று ஆண்டு முடிந்த பிறகுதான் கச்சிதமாகத் தெரியும். வாடிக்கையாளரோ ஜூன் மாதமே விலை கேட்கிறார். அந்தந்த மாத உண்மைச் செலவை அந்தந்த மாத மணிகளால் வகுத்துக்கொள்ளலாமே என்றால், தீபாவளி விடுமுறை வந்த மாதத்தில் செய்த பம்ப் விலை கூடும். அடுத்த மாதம் செய்த அதே பம்ப் விலை குறையும். ஒரே பட்டறை, ஒரே மெஷின், ஒரே ஆள், இரண்டு அடக்கவிலை. இந்த அபத்தத்தைத் தவிர்க்கத்தான், ஆண்டின் மொத்த மேற்செலவை மதிப்பிட்டு, ஆண்டின் மொத்த மெஷின் மணிகளை மதிப்பிட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்து வைத்துக்கொள்கிறோம். பட்டறையில் அதற்கு மெஷின் அவர் ரேட் என்று பெயர். மேலும் கீழும் இருப்பவை இரண்டுமே மதிப்பீடுகள் என்பதால், ஆண்டு முடிவில் இடைவெளி விழுவது இயல்பு. அதை முறையின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். சிக்கல் அந்த இடைவெளியை வாசிக்கும்போது தொடங்குகிறது.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் பம்ப் உதிரிகளைக் கடைந்து கொடுக்கும் மெஷின் ஷாப் போன்றது. எண்களை வசதிக்காக முழுதாக்கி நானே அமைத்திருக்கிறேன். பட்ஜெட்டில் மேற்செலவு 80 லட்சம் ரூபாய். அதில் 48 லட்சம் நிலையானது, 32 லட்சம் மணிக்கு மணி மாறுவது. மெஷின் ஓடும் என்று எதிர்பார்த்தது 40,000 மணி. மணிக்கு 200 ரூபாய் விகிதம். நிலைச் செலவுக்கு 120, மாறும் செலவுக்கு 80. ஆண்டு முடிந்தபோது மெஷின் ஓடியது 35,000 மணிதான். ஏற்றியது 70 லட்சம். உண்மைச் செலவு 80 லட்சம். குறை ஈர்ப்பு 10 லட்சம்.

இந்த எண்களை வேண்டுமென்றே இப்படி அமைத்தேன். பட்ஜெட் செலவும் உண்மைச் செலவும் அச்சு அசலாக 80 லட்சம். ஆலை மேலாளர் கூட்டத்தில் எழுந்து, "சார், ஒரு ரூபாய்கூட நாங்கள் கூடுதலாகச் செலவு செய்யவில்லை. 5,000 மணி ஓடவில்லை. மணிக்கு 200 ரூபாய் என்றால் சரியாக 10 லட்சம். ஆர்டர் இல்லை, அதுதான் காரணம்" என்பார். கணக்கும் பிசகாமல் பொருந்தும். விற்பனைப் பிரிவு தலைகுனியும். கூட்டம் முடிந்துவிடும்.

அவர் சொன்னது தவறு. பொருந்தி வருவதால்தான் பிடிபடாமல் போகிறது. 5,000 மணி ஓடவில்லை என்றால் அந்த மணிகளுக்கான மாறும் செலவு, மணிக்கு 80 ரூபாய் வீதம் 4 லட்சம், மிச்சமாகியிருக்க வேண்டும். மெஷின் ஓடாத நேரத்தில் கூலன்ட் தீராது, கார்பைடு இன்சர்ட் தேயாது. 35,000 மணிக்கு நியாயமான செலவு 48 லட்சமும் 28 லட்சமும் சேர்ந்து 76 லட்சம். ஆனது 80. ஆக, 4 லட்சம் அதிகச் செலவு நடந்திருக்கிறது. அது பட்ஜெட்டின் மொத்தத் தொகைக்குள் ஒளிந்துகொண்டது. மணி குறைந்ததால் உண்மையில் நேர்ந்த இழப்பு, 5,000 மணிக்கு நிலைச் செலவு 120 ரூபாய் வீதம் 6 லட்சம்தான். 10 லட்சத்தில் 6 லட்சம் மணிக் குறைவு, 4 லட்சம் செலவு மிகுதி. கேள்வித்தாள் இலவசமாகக் கொடுத்த 60-40 இங்கே கிடைத்துவிட்டது. கிடைப்பதற்கு ஒரே நிபந்தனை: 200 என்ற விகிதத்தை 120, 80 என்று பிரித்து வைத்திருக்க வேண்டும். ஒற்றை விகிதம் மட்டும் வைத்திருக்கும் பட்டறையில் மேலாளரை மறுக்க வழியே இல்லை. அங்கே ஆண்டு முடிவின் குறை ஈர்ப்பைப் பற்றி எழுதும் எந்த விளக்கமும் ஊகம்தான்.

இந்த 4 லட்சத்தையும் அப்படியே பொருள்கள் தலையில் கட்டிவிட முடியாது. அதைக் கிளறினால், இன்சர்ட், கூலன்ட் விலை ஏப்ரலிலேயே ஏறியதால் 1.5 லட்சம், மண் கலந்த மோசமான வார்ப்புகள் வந்து இன்சர்ட்டுகள் உடைந்ததில் 1 லட்சம், சம்பள உயர்வும் காப்பீட்டு பிரீமியமும் 90,000, கியர்பாக்ஸ் ஒன்று நொறுங்கியதில் 60,000 என்று வைத்துக்கொள்வோம். விலை உயர்வும் சம்பள உயர்வும் பொருளின் அடக்கத்தைச் சேர்ந்தவை. முன்பே தெரிந்திருந்தால் விகிதத்திலேயே போட்டிருப்போம். உடைந்த இன்சர்ட்டும் நொறுங்கிய கியர்பாக்ஸும் அசாதாரண இழப்பு. எந்தப் பம்பும் அவற்றால் மதிப்பு கூடவில்லை. ஆக 2.4 லட்சம் பொருளுக்கு, 1.6 லட்சம் நேராக லாப நட்டக் கணக்குக்கு. ஸ்டோர்ஸ் சீட்டும் பராமரிப்புப் பதிவேடும் ஒழுங்காக இருந்தால் இது ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் வராது.

இப்போது 6 லட்சத்துக்கு வருவோம். மணி குறைந்ததால் வந்த இழப்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்தத் தொகையைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். அது 40,000 என்ற எண்ணின் குழந்தை. அந்த எண் எங்கிருந்து வந்தது?

பத்து மெஷின், இரண்டு ஷிப்ட், ஷிப்டுக்கு எட்டு மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 48,000 மணி. பராமரிப்பு, செட்டிங் நேரம், டூல் மாற்றும் நேரம் இவற்றைக் கழித்தால் 40,000 கிடைக்கும். தடையில்லாமல் ஆர்டர் வந்தால் ஓடக்கூடிய மணி அது. முந்தைய மூன்று ஆண்டுகளில் ஓடியதோ 36,000, 37,000, 38,000. சராசரி 37,000. இந்தியக் கணக்கியல் தரநிலை 2 இதில் தெளிவாக இருக்கிறது: சரக்கு மதிப்பில் நிலையான உற்பத்தி மேற்செலவைச் சேர்ப்பது இயல்பான திறனின் அடிப்படையில், இயல்பான திறன் என்பது சாதாரணச் சூழலில் பல காலகட்டங்களின் சராசரியாக எட்டப்படும் என்று எதிர்பார்க்கும் உற்பத்தி, திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தைக் கழித்த பிறகு. நம் பட்டறைக்கு அது 37,000 என்றுதான் வாதிட முடியும்.

48 லட்சத்தை 37,000-ஆல் வகுத்தால் நிலைச் செலவு விகிதம் 120 அல்ல, ஏறத்தாழ 129.73. இயல்புக்குக் கீழே போன மணி 5,000 அல்ல, 2,000. அதன் இழப்பு ஏறக்குறைய 2.59 லட்சம். மிச்சம் 3.41 லட்சம் சும்மா கிடந்த மெஷினின் செலவு இல்லை; ஆண்டு தொடக்கத்திலேயே விகிதத்தைக் குறைத்துப் போட்டதால் வந்தது. அது பொருளின் உண்மையான அடக்கத்தைச் சேர்ந்தது. மணிக்கு பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றிக்கொண்டே ஆண்டு முழுதும் ஓட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

எதிர்வாதத்துக்கு வலு இல்லாமல் இல்லை. 40,000 மணிக்கு ஏற்பத்தானே மெஷின் வாங்கினோம். ஓடாத திறனின் செலவு மேலாண்மைக் கண்ணில் பட வேண்டுமென்றால் 40,000-ஐயே வைக்க வேண்டும், 37,000 வைத்தால் 3,000 மணியின் வெறுமை இயல்பு என்ற பெயரில் பம்பின் விலைக்குள் புதைந்துவிடும் என்பார்கள். இது பழைய வாதம். 1915-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட், ஒரு பொருள் தன்னைச் செய்யத் தேவைப்பட்ட திறனின் செலவை மட்டும்தான் சுமக்க வேண்டும், சும்மா நிற்கும் மெஷினின் செலவு வியாபாரத்தின் நட்டம் என்று வாதிட்டார். அதற்கு முன், 1901-இல் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் சர்ச், மெஷின்வாரி விகிதம் போட்டு, ஏறாமல் மிஞ்சுவதைத் துணை விகிதமாக அதே வேலைகள் மேல் பரப்பச் சொன்னார். நம் பாடப்புத்தகத் துணை விகிதத்தின் மூலம் அவரே. உள்கணக்குக்கு நான் கான்ட் பக்கம். ஆனால் ஆண்டறிக்கையில் சரக்கு மதிப்பைத் தீர்மானிக்கும்போது 37,000-தான் சட்டத்துக்கும் நியாயத்துக்கும் பொருந்துகிறது. ஒரே விகிதத்தை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தப் பார்ப்பதுதான் குழப்பத்தின் வேர்.

இதை மார்ச் வரை காத்திருக்காமலே கண்டுபிடிக்கலாம். மாதாமாதம் குறை ஈர்ப்பையும் மிகை ஈர்ப்பையும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் வைத்திருப்போம். கோடையில் பம்ப் விற்கும்போது மிகை, மழைக்காலத்தில் குறை என்று அது ஏறி இறங்கினால் பதற வேண்டியதில்லை; பருவம் தன்னைத்தானே நேர் செய்துகொள்கிறது. ஏழு மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்து, ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்தால், மாற வேண்டியது விகிதம். திடீரென்று ஒரு மாதம் மட்டும் துள்ளினால் அந்த மாதத்து வவுச்சர்களைப் புரட்ட வேண்டும். அந்தக் கணக்கின் நடையே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். ஆனால் பெரும்பாலான இடங்களில் அதை ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கிறார்கள்.

அப்படியானால் 10 லட்சத்தை என்ன செய்வது? அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடலாம் என்று ஒரு வழி புத்தகங்களில் இருக்கிறது. ஆண்டுக்குள் மாதத்துக்கு மாதம் தள்ளுவதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆண்டைத் தாண்டித் தள்ளுவது, முடிந்துபோன நட்டத்தைச் சொத்து என்று இருப்புநிலைக் குறிப்பில் காட்டுவது. ஏறாமல் மிஞ்சிய மேற்செலவை அந்தக் காலத்துச் செலவாகவே காட்டச் சொல்கிறது தரநிலை. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முழுத் தொகையையும் துணை விகிதத்தில் பரப்புவது அடுத்தது. ஓடிய 35,000 மணியில் 80 சதவீதம் விற்ற சரக்கில், 14 சதவீதம் முடிந்த சரக்கில், 6 சதவீதம் முடியாத வேலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 லட்சத்தையும் பரப்பினால் 2 லட்சம் கிடங்கில் போய் உட்காரும். லாபம் 2 லட்சம் கூடித் தெரியும். அதில் ஒரு பகுதி, ஓடாத மெஷினும் நொறுங்கிய கியர்பாக்ஸும் பம்பு வடிவம் எடுத்து அலமாரியில் நிற்பது. முழுத் தொகையையும் லாப நட்டக் கணக்கில் எழுதிவிடுவது எதிர்த் திசையில் பிழை. ஜாக்கிரதையானது போலத் தோன்றும், ஆனால் விலை உயர்வையும் குறைத்துப் போட்ட விகிதத்தையும் சுமக்க வேண்டிய சரக்கைக் குறைத்து மதிப்பிடுகிறது. தொகை சிறியது என்றால் இதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், நானும் செய்திருக்கிறேன்.

பிரித்துச் செய்தால் வருவது இது. குறைத்துப் போட்ட விகிதத்தின் 3.41 லட்சமும் விலை, சம்பள உயர்வின் 2.4 லட்சமும் சேர்ந்து 5.81 லட்சம் துணை விகிதத்துக்குப் போகிறது. மணிக்கு 16 ரூபாய் 59 காசு. அதில் சரக்கில் நிற்பது ஏறத்தாழ 1.16 லட்சம். இயல்புக்குக் கீழே ஓடியதன் 2.59 லட்சமும் அசாதாரண இழப்பு 1.6 லட்சமும் நேராக நட்டம். (நுணுக்கம் பார்த்தால் சம்பளம், காப்பீடு 90,000-இலும் ஐயாயிரம் போல சும்மா கிடந்த நேரத்தைச் சேரும், அதை விட்டுவிட்டேன்.) தேர்வுத்தாள் பாணியில் 60-40 என்று முடித்திருந்தால் சரக்கில் 80,000 நின்றிருக்கும்.

ஆக, முழுத் தொகையையும் பரப்பியதற்கும் இதற்கும் இந்த ஆண்டு லாபத்தில் வித்தியாசம் 84,000 ரூபாய்தான். இவ்வளவு பாடுக்கு இதுதானா என்று கேட்கலாம். பலன் அடுத்த ஆண்டு விகிதத்தில் தெரியும். விளக்கம் இல்லாத பட்டறை, 80 லட்சத்தை 35,000-ஆல் வகுத்து 228 ரூபாய் 57 காசு என்று புது விகிதம் போடும். காலி மெஷினின் செலவையும் கியர்பாக்ஸையும் வாடிக்கையாளரிடம் கேட்பது போன்றது அது. கொட்டேஷன் ஏறும், இழுபறியில் இருந்த ஆர்டர்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போகும், 31,000 மணி ஓடும், அதனால் விகிதம் இன்னும் ஏறும். பிரித்துப் பார்த்தவர் நிலைச் செலவை 48.9 லட்சமாகத் திருத்தி 37,000-ஆல் வகுப்பார். மாறும் செலவில் இன்சர்ட் விலை உயர்வுக்கு மணிக்கு நாலு ரூபாய்ச் சொச்சம் கூட்டுவார். ஏறத்தாழ 216 ரூபாய் வரும். கொட்டேஷனில் மணிக்குப் பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம் கோவையில் ஆர்டரைத் தீர்மானிக்கப் போதும்.

மிகை ஈர்ப்பு வந்தால் யாரும் விளக்கமே கேட்பதில்லை. நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதே பட்டறை, அதே 120 ரூபாய் நிலை விகிதத்தில், 44,000 மணி ஓடியது என்று வைத்தால், நிலைச் செலவில் மட்டும் 4.8 லட்சம் கூடுதலாக ஏறும். அந்தக் கூடுதல் மணிகளில் செய்தது விற்காமல் கிடங்கில் இருந்தால், ஆகாத செலவைச் சரக்கு சுமந்து நிற்கிறது. மிகை ஈர்ப்பை அப்படியே வரவு வைத்தால் விற்காத சரக்கிலிருந்து லாபம் பிறக்கிறது. அதனால்தான் தரநிலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பேசவில்லை: உற்பத்தி குறைந்தால் ஒரு பொருளுக்கான நிலைச் செலவை ஏற்றக்கூடாது, அசாதாரணமாகக் கூடினால் இறக்கியே ஆக வேண்டும். போனஸை லாபத்தோடு கட்டிவைத்த இடங்களில், மிகை ஈர்ப்பு வந்த மார்ச் மாதத்தில் கிடங்கை ஒரு சுற்று நடந்து பார்ப்பது என் வழக்கம்.

இன்னொன்றையும் எடையில் வைக்க வேண்டும். உண்மையில் ஓடிய மணியை அடிப்படையாகக் கொண்ட விகிதம், திறமைக் குறைவைக் கண்ணுக்கே காட்டாது. நம் பட்டறையில் அந்த 35,000 மணியில் வெளிவந்த உற்பத்தி, தர நேரப்படி 33,600 மணிக்கானது என்றால், மோசமான வார்ப்போடு மல்லுக்கட்டியதில் 1,400 மணி வீணாகியிருக்கிறது. மணிக்கு 200 வீதம் 2.8 லட்சம். இந்தத் தொகை குறை ஈர்ப்பில் வராது. மாறாக, வீணான மணியும் செலவை ஏற்றிக்கொண்டதால் குறை ஈர்ப்பு அந்த அளவுக்குச் சிறுத்துக் காட்டும். ஆள் எவ்வளவு மெதுவாக ஓட்டுகிறாரோ அவ்வளவு நன்றாக மேற்செலவு ஈர்க்கப்படும்! நான் மேலே கவனமாகப் பிரித்த 10 லட்சத்துக்குள் இந்த 2.8 லட்சம் இல்லவே இல்லை. அதைப் பிடிக்க உற்பத்தியின் தர நேரத்தின் மேல் விகிதத்தை ஏற்ற வேண்டும். நேரத் தரம் எழுதி வைக்காத பட்டறையில் அதற்கும் வழியில்லை.

ஆகவே என் தீர்ப்பு முறைக்கு ஆதரவாகவும் அதன் ஆண்டு முடிவு வழக்கத்துக்கு எதிராகவும் விழுகிறது. முன்கூட்டிய விகிதத்துக்கு மாற்றாக நடைமுறையில் நிற்கக்கூடியது எதையும் நான் பார்க்கவில்லை. நிலை, மாறும் என்று பிரிக்காத ஒற்றை விகிதம் அந்தத் தகுதியை இழக்கிறது. பட்ஜெட்டுக்காக யாரோ ஆசைப்பட்ட மணியை வகுத்தியாக வைத்த விகிதமும் இழக்கிறது. துணை விகிதம், மதிப்பீட்டில் நேர்ந்த பிழைக்கும் விலை உயர்வுக்கும் மட்டும் செல்லும்; வேறு எதைப் பரப்பினாலும் அது நட்டத்தைக் கிடங்கில் ஒளிப்பது.

தேர்வுத்தாள் எழுதுபவர்களிடம் ஒரு விண்ணப்பம். அந்த 60 சதவீதத்தை எடுத்துவிட்டு, பட்ஜெட்டின் நிலைச் செலவையும், மூன்று ஆண்டு மணிகளையும், நாலைந்து ஸ்டோர்ஸ் சீட்டுகளையும் கொடுங்கள். கணக்கு ஒரு பக்கம் நீளும். திருத்துவதற்குக் கொஞ்சம் சிரமமாகவும் இருக்கும்.